தாடிக்கொம்புக் கட்டுரையும் தேடுவார் கண்ணும்

திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பு ஸௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் தூண் சிற்பங்களை ஒருவர் ஆராய்ந்து, கட்டுரைக்கு 'அழகன் அடிநிழலில்' என்று பெயரிடுகிறார் எனக் கொள்வோம். அதில் ஊரும் இல்லை, கோயிலும் இல்லை, சிற்பமும் இல்லை. அச்சிற்பங்களைத் தேடும் மற்றோர் ஆய்வாளர், இப்படியொன்று உண்டென்றே அறியாது அதே உழைப்பை மீண்டும் தொடங்குவார். 'தாடிக்கொம்பு ஸௌந்தரராஜப் பெருமாள் கோயில் தூண் சிற்பங்கள்' என்பதே தக்க தலைப்பு. சுருக்கமோ அவதாரிகை போல, எதனை ஆராய்ந்தோம், என்ன கண்டோம் என்பதை உரைக்க வேண்டும். நம் கட்டுரைகளில் அது பெரும்பாலும் தலப்பெருமையிலேயே முடிந்துவிடுகிறது.

ஸௌந்தரராஜன், சௌந்தரராஜன், சவுந்தரராசன் ஆகியவை நமக்கு ஒரே திருநாமம். தேடுபொறிக்கு மூன்று சொற்களாகலாம். தலைப்பில் ஒன்றை வைத்து, ஏனைய வடிவங்களைச் சுருக்கத்தில் ஒருமுறை இயல்பாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலச் சுருக்கத்தில் Thadikombu, Thadicombu இரண்டும் இடம்பெறுவது நன்று.

இதனினும் நுண்ணிய பிழை ஒன்றுண்டு. 'சௌ' என்பதை ஔகாரக் குறியால் தட்டாமல், 'செ', 'ள' என்னும் ஈரெழுத்துகளாகத் தட்டுவோர் பலர். அச்சில் வேறுபாடு புலப்படாது. பொறி அதனை வேறு சொல்லாகவே கொள்ளும். பெயரைச் சரியாகத் தட்டித் தம் கோப்பினுள்ளேயே தேடினால் பிழை வெளிப்படும். கோப்பு பழைய எழுத்துருவில் இருப்பின் எத்தலைப்பும் பயன்படாது. முதலில் அதனை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.