லியரின் இரண்டு மரணங்கள்

‘கிங் லியர்’ நாடகம் ஒன்றுதான், 1608 குவார்ட்டோவில் சில வரிகள் விடுபட்டதற்குக் காரணம் அச்சகத்தில் காகிதம் போதாததே என்று பிரையன் விக்கர்ஸ் 2016இல் முழுப் புத்தகமே எழுதினார். இரண்டு லியர்கள் என்ற பேச்சில் சலித்துப்போனவர்களுக்கு அது பெரிய ஆறுதல். லியரின் கடைசிப் பேச்சை இரு பதிப்புகளிலும் படித்தால் அந்த ஆறுதல் நிலைக்காது.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் குவார்ட்டோவையும் 1623 ஃபோலியோவையும் ஒட்டி ஒரே நாடகமாக்கினார்கள். தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது அந்த ஒட்டுப்பிரதிதான். 1976இல் மைக்கேல் வாரன் இரண்டும் வெவ்வேறு பிரதிகள் என்று துணிந்து வாதிட்டார். 1986 ஆக்ஸ்ஃபோர்டு தொகுப்பு இரண்டையும் தனித்தனியே அச்சிட்டது.

இரண்டிலும் லியர் இறந்த மகளை ஏந்தி வருகிறான். அவள் மூச்சு படிகிறதா என்று பார்க்கக் கண்ணாடி கேட்கிறான். இறகு அசைவதாக நம்புகிறான். பிறகு, இனி அவள் வரவே மாட்டாள் என்பதை ஒரே சொல்லால், குவார்ட்டோவில் மூன்று முறையும் ஃபோலியோவில் ஐந்து முறையும் சொல்கிறான். பொத்தானைக் கழற்றச் சொல்லி, நன்றி கூறுகிறான்.

இதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. குவார்ட்டோவில் வருவது வெறும் முனகல். மன்னர் மயங்குகிறார் என்று எட்கர் பதறுகிறான். அப்போது லியரே தன் நெஞ்சிடம் உடைந்துவிடு என்று கெஞ்சுகிறான். அவன் கடைசிப் பேச்சு அதுதான். ஃபோலியோவில் முனகல் இல்லை. மகளின் உதடுகளைப் பாருங்கள் என்று சுற்றியிருப்பவர்களைத் திரும்பத் திரும்ப அழைக்கிறான். உடனே, இறக்கிறான் என்ற மேடைக்குறிப்பு. நெஞ்சிடம் கெஞ்சும் வரி கெண்டுக்குப் போய்விடுகிறது. அவன் தன் நெஞ்சைச் சொல்கிறானா, மன்னரின் நெஞ்சையா என்பது தெளிவில்லை.

மகள் உயிரோடிருக்கிறாள் என்ற ஆனந்தத்தில் லியர் இறக்கிறான் என்று ஏ.சி. பிராட்லி 1904இல் எழுதினார். அந்தப் புகழ்பெற்ற வாசிப்பு ஃபோலியோவின் உதடுகளை நம்பி நிற்கிறது. உதட்டில் அவன் என்ன கண்டான் என்று ஃபோலியோவும் சொல்வதில்லை. ஆனால் கண்ணாடியிலும் இறகிலும் மூச்சைத் தேடியவன் மறுபடி உதட்டுக்கே வருவதால் பிராட்லிக்கு அங்கே இடமுண்டு. குவார்ட்டோவிலோ லியர் தன் சாவைத் தானே வேண்டிப் பெறுகிறான். ஆனந்தத்துக்கு அங்கே ஒரு பிடிமானமும் இல்லை.

காகிதப் பற்றாக்குறை வரிகளை விழுங்கலாம்; முனகலைச் சேர்க்காது. பேசுபவரின் பெயர் மாறியது அச்சுக்கோப்பவரின் பிழை எனலாம். ஆனால் மரணக்குறிப்பு இல்லாத குவார்ட்டோவில் அந்த வரி லியரின் வாயில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஃபோலியோவில் அவன் ஏற்கெனவே இறந்துவிட்டதால் அதை வேறொருவர்தான் சொல்ல முடியும். இரண்டும் அவற்றளவில் முழுமையான முடிவுகள்.

ஒட்டுப்பிரதிகள் பெரும்பாலும் ஃபோலியோவின் முடிவையே எடுத்துக்கொண்டன. குவார்ட்டோவின் லியர் அடிக்குறிப்புக்குள் ஒதுக்கப்பட்டான். பாடப் பதிப்புகள் இந்தப் பேச்சின் இரு வடிவங்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் தர வேண்டும். எந்தப் பிரதி என்று சொல்லாமல் லியரின் மரணத்துக்கு விளக்கம் எழுதுபவர், ஷேக்ஸ்பியரின் பெயரில் வெளிவந்த இரண்டு மரணங்களில் ஒன்றை வாசகரிடமிருந்து மறைக்கிறார்.