மையில் தெரியாதது

தண்டுவட நீர் ரிப்போர்ட்டில் "இந்தியா இங்க்: நெகட்டிவ்" என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்ததும் 'பூஞ்சை இல்லை' என்று முடிவுகட்டி அடுத்த வரிக்குப் போய்விடுகிற பழக்கம் பல வார்டுகளில் இருக்கிறது. அந்த ரிப்போர்ட்டிலேயே மிகக் குறைவாக நம்ப வேண்டிய நெகட்டிவ் அதுதான். மைச் சோதனை கண்டேன் என்றால் பெரும்பாலும் நம்பலாம். காணவில்லை என்றால் அதை வைத்து எதையும் தள்ளிவிட முடியாது.

கிரிப்டோகாக்கஸ் என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை, எச்.ஐ.வி. முற்றியவர்களின் மூளையுறையைத் தாக்குவதில் முன்னணியில் நிற்பது. தன்னைச் சுற்றித் தடித்த சர்க்கரைப் பிசின் உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கும். சாதாரணச் சாயம் எதுவும் அந்த உறையில் சரியாகப் பிடிக்காது. எனவே உறையை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தைக் கறுப்பாக்குவதுதான் மைச் சோதனையின் தந்திரம். நீரை மையவிலக்கியில் சுற்றி, அடியில் தங்கிய வண்டலில் ஒரு சொட்டு, அதே அளவு மை, மேலே ஒரு கவர்ஸ்லிப். மைத்துகள் உறைக்குள் நுழையாது. கறுப்புப் பரப்பில் வெள்ளை வளையம், வளையத்தின் நடுவே பளபளக்கும் சுவரோடு உருண்டைச் செல், சில செல்களில் ஒட்டுப்போட்டது போல ஒரு சின்ன மொட்டு. அந்த மொட்டைப் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. பத்து நிமிட வேலை, செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

கை பழகியவர்களுக்குத்தான் இது எளிது. மை கெட்டியாக இருந்தால் வளையமே மூழ்கிவிடும். ஸ்லைடை அச்சிட்ட தாளின் மேல் வைத்தால் எழுத்து தெரிய வேண்டும் என்பது பழைய அளவுகோல். லிம்போசைட்டைச் சுற்றியும் ஒரு வெளிறிய வட்டம் விழுவதுண்டு. அதன் ஓரம் மங்கலாகக் கலைந்திருக்கும், ஈஸ்ட்டின் உறை ஓரமோ வெட்டிவிட்டாற்போல் இருக்கும். ஐயம் தீராவிட்டால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு சேர்த்தால் வெள்ளணுக்கள் கரைந்துபோகும், பூஞ்சை அப்படியே நிற்கும். மைப்புட்டிக்குள்ளேயே பூஞ்சை வளர்ந்துவிடுகிற கூத்தும் உண்டு. அதற்காகத்தான் மையை மட்டும் தனியாக ஒரு ஸ்லைடில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள்.

இந்தத் தவறுகளையெல்லாம் கவனத்தால் திருத்திவிடலாம். திருத்த முடியாதது ஒன்று இருக்கிறது. செல் அந்தச் சொட்டில் இருந்தால்தான் கண்ணில் படும். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எச்.ஐ.வி. நோயாளிகளிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், மைச் சோதனை கண்டுபிடித்தது நூற்றுக்கு 86 பேரை. ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்துக்கும் குறைவான பூஞ்சை இருந்தவர்களில் அது 42 ஆக விழுந்தது. நோய் ஆரம்பத்தில் இருப்பவர்கள், மருந்து கொடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்புள்ளவர்கள், பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள்.

ஆன்டிஜென் பட்டைச் சோதனை வேறு வழியில் போகிறது. அது பூஞ்சையைத் தேடுவதில்லை, பூஞ்சை உதிர்க்கும் உறைப் பொருளைத் தேடுகிறது. அது நீரில் கரைந்து எங்கும் பரவியிருப்பதால், எந்தச் சொட்டை எடுத்தாலும் கிடைக்கும். குழாயில் கரைசல் ஒரு சொட்டு, நோயாளியின் நீர் 40 மைக்ரோலிட்டர், உள்ளே பட்டை, பத்து நிமிடம். இரண்டு கோடு வந்தால் பாசிட்டிவ். முன்பிருந்த லேடெக்ஸ் சோதனைக்கு மாதிரியைக் கொதிக்கவைக்கவும் கிட்டைக் குளிரில் வைக்கவும் வேண்டியிருந்தது. இதற்கு அந்தத் தொல்லை இல்லை. மேற்சொன்ன ஆய்வில் பட்டை பிடித்தது நூற்றுக்கு 99-க்கும் மேல். விரல் நுனி இரத்தத்திலும் செய்யலாம் என்பதால், முதுகில் ஊசி போட மறுக்கிற நோயாளியிடமும் ஒரு துப்பு கிடைக்கிறது.

இத்தனை இருந்தும் மையைத் தூக்கி எறிய நான் சொல்லமாட்டேன். ஆன்டிஜென் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டால், எப்போதாவது பட்டையின் சோதனைக் கோடு மங்கிவிடும், அல்லது வராமலே போகும். மாதிரியை நீர்த்துப்போகச் செய்து மறுபடி போட்டால் கோடு பளிச்சென்று வரும். பூஞ்சை மொய்க்கிற அப்படிப்பட்ட நீரில்தான் மை தவறவிடவே விடாது. பட்டை சறுக்கக்கூடிய இந்த இடத்தில் மை பலமாக நிற்கிறது, மை சறுக்கும் இடத்தில் பட்டை. உறை மெலிந்த அபூர்வ இனம் வந்தால் மட்டும் இரண்டுமே ஏமாறும்.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். நாற்பது வயது, மூன்று வாரமாகத் தலைவலி, இடையிடையே காய்ச்சல், பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறது. எச்.ஐ.வி. இருப்பது இப்போதுதான் தெரியவருகிறது. எடுத்த நீர் தெளிவாக இருக்கிறது. செல் 8, சர்க்கரை கொஞ்சம் குறைவு, புரதம் கொஞ்சம் கூடுதல், மை நெகட்டிவ். எதிர்ப்புச் சக்தி இற்றுப்போனவரிடம் செல் எண்ணிக்கை ஏறாமலிருப்பது வழக்கம்தான். அது ஆறுதல் தரக்கூடிய எண் அல்ல. நம் ஊரில் அடுத்து வரும் ஊகம் காசநோய். காசநோய் மருந்தோடு டெக்சாமெத்தசோனும் சேரும். கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் டெக்சாமெத்தசோன் கொடுத்துப் பார்த்த சோதனையை, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளில் நடந்ததை, பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 2016-இல் வந்த முடிவு: பூஞ்சை மெதுவாகவே அழிந்தது, ஊனமும் பக்கவிளைவும் கூடின. ஆக, ஒரு பொய் நெகட்டிவ் சிகிச்சையைத் தாமதப்படுத்துவதோடு நிற்பதில்லை, கெடுதல் செய்யும் மருந்தையும் கையில் கொடுத்துவிடுகிறது. அதே குழாயில் மிச்சமிருந்த நீரில் ஒரு பட்டையை விட்டிருந்தால் பத்தே நிமிடத்தில் வழி திரும்பியிருக்கும்.

பட்டை போடப்பட்டு, பாசிட்டிவ் வந்து, ஆம்போடெரிசின் ஏறி, அவர் தேறி வீட்டுக்குப் போகிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தாம் வாரம் எச்.ஐ.வி. மருந்து தொடங்குகிறது. பத்தாம் வாரம் மறுபடி அதே தலைவலி. பூஞ்சை மீண்டும் கிளம்பியதா, திரும்பிவந்த எதிர்ப்புச் சக்தி செத்த பூஞ்சையின் மிச்சத்தோடு சண்டை போடுகிறதா? முன்னது என்றால் பூஞ்சை மருந்தைக் கூட்ட வேண்டும். பின்னது என்றால் அழற்சியை அடக்க வேண்டும், அங்கே ஸ்டீராய்டுக்குக்கூட இடமுண்டு. பட்டை மறுபடி இரண்டு கோடு காட்டும். காட்டாமல் என்ன செய்யும்? உறைப் பொருள் மாதக்கணக்கில் நீரில் கிடக்கும். டைட்டர் எண் இறங்கியிருந்தாலும், ஏறியிருந்தாலும், இந்தக் கேள்விக்கு நம்பத்தக்க பதில் அதில் இல்லை. மையிலும் வளையங்கள் தெரியும். செத்த செல்லுக்கும் உறை உண்டு. இந்தக் கட்டத்தில் "ஆன்டிஜென் இன்னும் பாசிட்டிவ்" என்று பதறி ஃபோன் செய்பவருக்குச் சோதனையைத் திரும்பச் செய்வதால் பயனில்லை என்று ஆய்வகமே சொல்லியாக வேண்டும்.

இங்கே தீர்ப்புச் சொல்வது கல்ச்சர் தட்டுதான், அதுவும் போதிய நீர் ஊற்றியிருந்தால். அதே 2014 ஆய்வில் 10 மைக்ரோலிட்டர் ஊற்றிய தட்டு 82 விழுக்காட்டையும், 100 மைக்ரோலிட்டர் ஊற்றியது 94 விழுக்காட்டையும் பிடித்தது. வளர்ச்சி இல்லை என்று எழுத இரண்டு வாரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை நோயாளியைச் சும்மா வைத்திருக்க முடியாது. ஊசி போடும்போதே நீரின் அழுத்தத்தை அளந்து, 25 செ.மீ.க்கு மேலிருந்தால் நீரை வடித்து இறக்க வேண்டும், எச்.ஐ.வி. மருந்தையும் ஃப்ளூகோனசோலையும் நிறுத்தக் கூடாது. அழுத்தத்தை அளக்கும் குழாய் பட்டையைப் போலவே மலிவானது. பட்டை வாங்கிவைத்த இடங்களிலும் அந்தக் குழாய் இல்லாமல், 'நீர் வேகமாக வந்தது' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.