அறுபது டிகிரியில் வேகும் பிராய்லர்

பல்லடம் பக்கத்துப் பண்ணைக் கோழியின் நெஞ்சுக்கறியை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. கறிக்கடையில் லெக் பீஸ் முதலில் தீர்ந்துவிடும், நெஞ்சு கடைசிவரை கிடக்கும். வேகவைத்தால் நார்நாராக வறண்டு போவதுதான் காரணம். சதையிலுள்ள புரதங்கள் 65 டிகிரியைத் தாண்டியதும் இறுகி, உள்ளேயிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகின்றன. குழம்பில் கொதிக்கும்போது 100 டிகிரியை ஒட்டிய சூடு, அதில் சாறு எங்கே மிஞ்சும்? அந்த 65-க்குக் கீழேயே கறியை நிறுத்தி வேகவைக்கும் கருவியைத்தான் அவிநாசிபாளையத்து வீட்டில் சில மாதமாகப் பழகிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

'சூ வீட்' என்பது முறையின் பெயர். கறியைப் பையிலிட்டு, காற்றை வெளியேற்றி, ஒரே சூட்டில் நிற்கும் தண்ணீரில் மணிக்கணக்கில் போட்டு வைப்பது. 1974-இல் பிரான்சில் ழோர்ஜ் ப்ராலு என்ற சமையல்காரர், த்ருவாக்ரோ உணவகத்துக்காக வாத்து ஈரலை எடை குறையாமல் வேகவைக்க வழி தேடியபோது இது சமையலறைக்குள் வந்தது. இன்று வீட்டுக்கு வருவது ஒரு முழத்துக்குக் குறைவான நீளமுள்ள குச்சி. தலையில் திரை, கீழே ஹீட்டர், தண்ணீரைச் சுழற்ற ஒரு சின்ன விசிறி. பாத்திரத்தின் விளிம்பில் கவ்வவிட்டு டிகிரியைச் சொன்னால் போதும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் யாரேனும் வாங்கி வருவதாக இருந்தால், 230 வோல்ட் மாடல்தானா என்று முதலில் கேளுங்கள். அங்கே விற்பது 120 வோல்ட், நம் பிளக்கில் செருகினால் அன்றோடு சரி.

கருவி சொன்ன சூட்டில் நிற்கிறது, அதில் குறையில்லை. தனியாக ஒரு தெர்மாமீட்டரை, கரையும் ஐஸில் 0 காட்டுகிறதா என்று சரிபார்த்துவிட்டு, தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். அரை டிகிரிக்குள்தான் வித்தியாசம். கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில்.

"அறுபது டிகிரியில கோழியா? ஷவர்மா கதை ஆயிறப் போகுது" என்றார் என் அத்தை. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அத்தையின் பயம் நியாயமானது. கோழியின் உள்சூடு 74 டிகிரியைத் தொட வேண்டும் என்றுதான் எங்கும் சொல்கிறார்கள். ஆனால் 74 என்பது சால்மோனெல்லா நொடிகளில் சாகும் சூடு. அதற்குக் கீழேயும் அது சாகும், மெதுவாக. அமெரிக்க வேளாண்துறையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவு இதற்கு அட்டவணையே போட்டிருக்கிறது. கொழுப்புள்ள கோழிக்கறியில் கிருமியை ஒரு கோடிக்கு ஒன்றாகக் குறைக்க 60 டிகிரியில் 35 நிமிடம் வேண்டும், 63-ஐ ஒட்டி 13 நிமிடம், 65.5-இல் 5 நிமிடம் போதும், 74-இல் 10 நொடிகூட வேண்டாம். ஆக 60 டிகிரி என்ற எண்ணை மட்டும் சொன்னால் பாதி விஷயம்தான் சொன்னதாகும்.

இதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. திருப்பூரில் டையிங் யூனிட்டில் சாயம் போடுகிறவர். பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றுவதும் பெரும்பாலும் அதே 60 டிகிரியில்தான். "சூடு ஏர்ற நேரத்த நாங்க கணக்குல சேக்கறதில்லீங்க. அறுபதுல நின்னதுக்கப்புறந்தான் ஹோல்டிங் டைம் ஓடும்" என்றார். கறிக்கும் அதே கணக்கு. அந்த 35 நிமிடம் கறியின் நடுப்பகுதி 60-ஐ அடைந்த பிறகு தொடங்குவது, பையைத் தண்ணீரில் போட்ட நேரத்திலிருந்து அல்ல. கருவியின் டைமருக்கு இது தெரியாது. அது தண்ணீரின் சூட்டை மட்டுமே அறியும்.

ஓர் அங்குலக் கனமுள்ள நெஞ்சுத்துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் போட்டால் நடுப்பகுதி தண்ணீரின் சூட்டை நெருங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசி ஒரு டிகிரி நகர்வதற்குள் பொறுமை போய்விடும் என்பதால் தண்ணீரை 61-இல் வைக்கிறேன். அதன்மேல் 35 நிமிடம், கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கை, மொத்தம் இரண்டு மணி நேரம். கனம் இரண்டு மடங்கானால் சூடு உள்ளே போகும் நேரம் இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ நான்கு மடங்கு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரே பையில் இரண்டு துண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தால் அது இரண்டு அங்குலக் கறி, இரண்டு மணி நேரக் கணக்கு அதற்குச் செல்லாது. உள்ளே காற்று நின்று பை மிதந்தாலும் மேற்பகுதி தண்ணீருக்கு வெளியே வெதுவெதுப்பாகவே கிடக்கும். துண்டுகளைத் தட்டையாகப் பரப்பி, பைக்குள் ஒரு ஸ்பூனைக் கனத்துக்குப் போட்டு முழுக்க மூழ்க வையுங்கள். நிறத்தைப் பார்த்து எதையும் தீர்மானிக்காதீர்கள். முறையாக வெந்த துண்டும் எலும்போரம் இளஞ்சிவப்பாக இருக்கலாம், வேகாததும் வெள்ளையாகத் தெரியலாம்.

வெள்ளாட்டுத் தொடைக்கு இதே நேரம் போதாது. நம் ஆடு மேய்ந்து வளர்ந்தது, சவ்வு அதிகம். அந்தச் சவ்வு கரைந்து பசையாக மாற 68 டிகிரியில் ஒரு முழு நாள் விடுகிறேன், பிசிறாமல் விண்டு வருகிறது. வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் 55 டிகிரியை எலும்போடு இருக்கும் பெரிய தொடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமி 52 டிகிரி வரை வளரக்கூடியது. அதனால் கறியின் நடு ஆறு மணி நேரத்துக்குள் 54.4-ஐத் தாண்டியாக வேண்டும். கனத்த தொடையும் குறைந்த சூடும் சேர்ந்தால் அது நடக்காமல் போகலாம்.

ருசி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பையில் மசாலா வதங்குவதில்லை, பச்சை வாசம் அப்படியே நிற்கும். எனவே உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு வேகவைத்து, கறியை நன்றாகத் துடைத்து, புகையும் இரும்புச் சட்டியில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் காட்டி, பிறகு சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப்பல்லோடு பள்ளிபாளையம் பாணியில் புரட்டுகிறேன். குழம்புக்கு இந்தக் கருவி வீண்.

உடனே சாப்பிடாவிட்டால் பையோடு ஐஸ் தண்ணீரில் போட்டு முழுக்க ஆறவிட்டு ஃபிரிட்ஜுக்கு அனுப்ப வேண்டும். இந்தச் சூட்டில் கிருமி சாகும், அதன் வித்து சாகாது. காற்றில்லாத பைக்குள் வெதுவெதுப்பாகக் கிடந்தால் வித்து முளைத்துவிடும். நம் ஊர் ஃபிரிட்ஜ்கள் வெயில் காலத்தில் எவ்வளவு குளிர்ச்சியில் நிற்கின்றன என்பது தெரிந்ததுதான். இரண்டு நாளுக்கு மேல் நான் வைப்பதில்லை.

இங்கே இரண்டு தொல்லைகள் உண்டு. போர்த்தண்ணீரின் உப்பு ஹீட்டரில் வெள்ளையாகப் படிகிறது, அவ்வப்போது வினிகர் கலந்த தண்ணீரில் ஓடவிட்டால் கழன்றுவிடும். மற்றது கரண்ட். 1000 வாட் இழுக்கும் குச்சியை வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. இரவில் கரண்ட் போய் வந்தால், காலையில் திரை சரியான சூட்டையே காட்டினாலும் நடுவில் தண்ணீர் எதுவரை இறங்கியது என்பதற்குச் சாட்சி இல்லை. மறுபடி கொதிக்க வைத்தாலும், சில கிருமிகள் விட்டுச்சென்ற நஞ்சு போவதில்லை. பாத்திரத்துக்குப் பதில் மூடி வெட்டிய தெர்மாகோல் பெட்டியில் தண்ணீர் வைத்தால் சூடு வெகுநேரம் நிற்கும், ஆவியும் போகாது. கூடவே, இறங்கிய குறைந்தபட்சச் சூட்டை நினைவில் வைக்கும் பேட்டரி தெர்மாமீட்டர் ஒன்றைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். தண்ணீர் குறித்த சூட்டுக்கு ஏறிய பிறகு அதை ரீசெட் செய்ய மறக்கக் கூடாது. காலையில் அது 55-க்கு மேல் காட்டினால் கறிக்குக் கூடுதல் நேரம் கொடுத்துத் தொடரலாம். அதற்குக் கீழே போயிருந்து, எவ்வளவு நேரம் என்றும் தெரியவில்லை என்றால், ஆட்டுத்தொடையின் விலையை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.