மார்ச் 7 எப்படி ஜூலை 3 ஆச்சு: ஒரு கானா பாட்டை ஏத்தின குறிப்புகள்

டோல்கேட்டில் ஒரு கானா பாடகர் தம்பி எனக்குப் பழக்கம். 2022 மார்ச் மாதம் இறந்துபோன நண்பன் ஒருவனுக்காக ஒரு பாட்டுப் பாடியிருந்தார். மார்ச் 7 அந்த நண்பனின் முதலாம் ஆண்டு நினைவு நாள். அன்று காலையில் ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் எல்லாத்திலும் பாட்டு வரணும் என்று திட்டம். சுவரில் ஒட்டின நினைவஞ்சலி போஸ்டரிலும் தேதி போட்டாச்சு. பாட்டை ஏத்தும் படிவத்தை நிரப்பினது நான்தான். அதனால் கீழே இருக்கிற விமர்சனத்தில் பாதி எனக்கும் சேரும்.

பாட்டை நாம் நேராக ஸ்பாட்டிஃபைக்கு அனுப்ப முடியாது. நடுவில் ஒரு விநியோக நிறுவனம் இருக்கும். அதன் படிவத்தில் நாம் தட்டுவதைத்தான் எல்லாக் கடைகளுக்கும் அது அனுப்பும். பாட்டுக் கோப்புக்குள்ளே நீங்கள் என்ன எழுதி வைத்திருந்தாலும் பொதுவாக அதை யாரும் பார்ப்பதில்லை. படிவம் சொல்வதுதான் கணக்கு.

தேதிப் பெட்டியில் `07/03/2023` என்று போட்டேன். அந்தப் படிவம் மாதத்தை முதலில் படிக்கிற அமெரிக்கப் படிவம். அதன் கண்ணுக்கு அது ஜூலை 3. நாள் 12-க்கு மேலே இருந்திருந்தால் சிவப்புக் கோடு போட்டுக் காட்டியிருக்கும். 12-க்குள் இருக்கிற எல்லாத் தேதியும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். மார்ச் 7 காலையில் பாட்டு வரலை. தம்பி போன் பண்ணினார்: "போஸ்டர்ல ஏழுன்னு போட்டாச்சுண்ணா, அவங்கம்மா காத்தால இருந்து கேட்டுனு கீறாங்க." உதவி மையத்துக்கு எழுதி, அவர்கள் மாற்றி, கடைகளில் வந்து சேர்ந்தபோது மார்ச் 11.

தேதியை எழுத்தில் போடுங்கள் என்று கேட்டாலோ, நிரப்பி முடித்ததும் "3 ஜூலை, திங்கட்கிழமை" என்று ஒரு தரம் திருப்பிச் சொன்னாலோ இது நடந்தே இருக்காது. கிழமையைப் பார்த்தாலே பிடித்திருப்பேன். மார்ச் 7 செவ்வாய் என்பது எனக்குத் தெரியுமே.

பக்கத்தில் இன்னொரு தேதிப் பெட்டி உண்டு: `Original Release Date`. பாட்டு இந்தக் கடைக்கு எப்போது வருகிறது என்பது ஒன்று, உலகத்துக்கு முதலில் எப்போது வந்தது என்பது வேறொன்று. கானாவில் இது சிக்கலான கேள்வி. ஒரு பாட்டு சாவு வீட்டில் பாடப்பட்டு, யாரோ செல்போனில் பிடித்து, மெமரி கார்டில் சுற்றி, சில வருஷம் கழித்து ஸ்டுடியோவுக்கு வரும். என் கணக்கு இதுதான்: இந்த ஒலிப்பதிவு முதலில் பொதுவில் வந்த நாள்தான் அசல் தேதி. புதிதாகப் பதிவு செய்தால் புதிய தேதி. அதே பதிவு 2019-ல் யூடியூபில் வந்திருந்தால் 2019. பழைய தேதி போட்டால் புது வெளியீடுகளின் பட்டியலில் இடம் கிடைக்காது என்பதால் பலர் இன்றைய தேதியையே போடுகிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் ℗ வரியில் 2019, வெளியீட்டில் 2023 என்று இருந்தால் பின்னால் உரிமைத் தகராறு வரும்போது உங்கள் ஆவணமே உங்களுக்கு எதிராகப் பேசும்.

அடுத்தது பெயர். இந்தத் தம்பியின் முந்தைய பாட்டு ஒன்றை வேறு யாரோ `Gaana` என்று ஆரம்பித்து ஏத்தியிருந்தார்கள். நான் `Gana` என்று போட்டேன். படிவம் "இந்தக் கலைஞர் ஏற்கெனவே ஸ்பாட்டிஃபையில் இருக்கிறாரா?" என்று கேட்டது. என் எழுத்துக்கூட்டலில் தேடினேன், இல்லை. "புதியவர்" என்று தட்டினேன். ஒரே ஆளுக்கு இரண்டு பக்கம் ஆச்சு. பழைய பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்களுக்குப் புதுப்பாட்டு வந்ததே தெரியாது. இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. அதே பெயருள்ள வேறொருவரின் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பாட்டு அவர் வீட்டில் போய் உட்காரும்.

இது சின்னப் பாடகர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. 2012-ல் வந்த 'அட்டகத்தி' மூலம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த கானா பாலாவையே `Gana Bala`, `Gaana Bala` என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். தமிழில் 'கானா' ஒன்றுதான். ரோமன் எழுத்துக்குப் போகும்போதுதான் நெடிலுக்கு ஒரு `a` போதுமா இரண்டு வேணுமா என்ற கேள்வி வருது. டோல்கேட்டுக்கு அடுத்த ஸ்டேஷன் காலடிப்பேட்டை. 18-ம் நூற்றாண்டு ஆளுநர் காலெட்டின் பேர் அது, ஊர் வாயில் 'காலடி' ஆகிவிட்டது. அதனால் அந்த ஊருக்கு எந்தக் கடிதமும் வராமல் போகலை. தபால்காரருக்கு இரண்டும் ஒண்ணுதான் என்று தெரியும். பாட்டுக் கடைக் கணினிக்கு அது தெரியாது.

தெரிய வைக்கலாம் என்பதற்கு `MusicBrainz` என்ற திறந்த தரவுத்தளம் சாட்சி. அங்கே ஒரு கலைஞருக்கு ஒரே அடையாள எண். மற்ற எழுத்துக்கூட்டல்கள் எல்லாம் அவருடைய மாற்றுப் பெயர்கள். குறிப்பிட்ட ஆல்பத்தின் அட்டையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே காட்டலாம், ஆனால் அது அதே ஆளுக்குத்தான் போய்ச் சேரும். கடைகளிலும் உள்ளே எண் இருக்கிறது. பாட்டு ஏத்துகிறவனிடம் எண்ணைக் கேட்காமல் பெயரைக் கேட்பதுதான் கோளாறு. இப்போது நான் செய்வது: கலைஞரின் பக்க இணைப்பை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு அதை அப்படியே ஒட்டுகிறேன். தட்டச்சே கிடையாது.

பெயர் பிரிந்ததைப் பார்த்த ஒரு நண்பர், "டெலீட் பண்ணிட்டு மறுபடி ஏத்திடுங்க" என்றார். இதை மட்டும் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து அடையாளம் உண்டு. அதைக் கொடுக்காமல் திரும்ப ஏத்தினால் புது எண் விழும், அது புதுப் பதிவு என்று கணக்காகும், கேட்ட எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். பக்கம் மாறிப் போனதைத் திருத்த விநியோக நிறுவனத்துக்கு எழுதினாலே போதும். வழியே இல்லாமல் மறுபடி ஏத்தினாலும் பழைய ஐஎஸ்ஆர்சியையும் அதே ஒலிக்கோப்பையும் கொடுக்கணும்.

மூன்றாவது தப்பு பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது. மொழிப் பெட்டி. அது `English` என்று தானாகவே நிரம்பியிருந்தது, நான் தொடவே இல்லை. தேதியும் பெயரும் தப்பானால் கண்ணுக்குத் தெரியும். யூடியூபில் தானாக உருவாகும் காணொளியின் விவரத்தில் `Released on:` என்ற வரியைப் பார்த்தாலே தேதியைச் சரிபார்க்கலாம். மொழியைக் கேட்பவர் எவருக்கும் காட்டுவதில்லை. நான் பெயர் திருத்தத்துக்காகப் படிவத்தைத் திரும்பத் திறந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தலைப்பு எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்பது ஒன்று, பாட்டு எந்த மொழியில் பாடப்படுகிறது என்பது இன்னொன்று. தலைப்பை ரோமன் எழுத்தில் தட்டியதால் இரண்டுக்கும் ஆங்கிலம் என்று விடுகிறவர்கள் நிறைய. எழுத்து வேறு, மொழி வேறு. கானாவில் உருது, இந்தி, தெலுங்கு, ஆங்கிலம் எல்லாம் கலந்து வரும். இருந்தாலும் பாடும் மொழி தமிழ், குறியீடு `ta`. பேச்சே இல்லாத வெறும் இசை என்றால் அதற்கும் தனிக் குறியீடு உண்டு: `zxx`. காலியாக விடுவது இரண்டும் இல்லை.

பெரிய பாடகருக்கு இது அவ்வளவாக வலிக்காது. லட்சம் பேர் கேட்டால், அவர்கள் வேறென்ன கேட்கிறார்கள் என்பதை வைத்தே இது தமிழ்ப் பாட்டு என்று கடைக்கு விளங்கிவிடும். முதல் வாரத்தில் இருபது பேர் மட்டும் கேட்ட பாட்டைப் பற்றிக் கடைக்குத் தெரிந்ததெல்லாம் நாம் தட்டினதுதான். அதில் நான் ஆங்கிலம் என்று விட்டிருக்கிறேன்.

மொழியை மாற்றியாச்சு. பெயரும் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டது. தேதி மட்டும் மார்ச் 11 என்றே நிற்கிறது. அதை 7 ஆக்கணுமா என்று தம்பியைக் கேட்டேன். "அன்னிக்கு வரலை இல்லண்ணா, அப்புறம் எப்படி ஏழுன்னு போடுறது?" என்றார். விட்டுவிட்டோம்.