'கெடுத்தது' 'கேடு' ஆகும்போது

"ஆம்பூர் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றது. மேலும், பாலாறு மாசடைந்தது. மேலும், 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது." இந்தப் பத்தியை உரக்க வாசித்தால் ஒவ்வொரு 'மேலும்' வரும்போதும் குரல் தட்டி நிற்கும். வாக்கியங்களை இடம் மாற்றினாலும் எதுவும் குலையாது. இணைப்பு இல்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

முதல் இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கியதும் பத்திக்குப் பொருள் கிடைக்கிறது: "ஆம்பூருக்குச் சோறு போட்ட தோல் தொழிலே பாலாற்றைக் கெடுத்தது." அதன் கடைசிச் சொல்லைப் பெயராக்கி அடுத்த வாக்கியம் ஏந்திக்கொள்கிறது: "அந்தக் கேட்டை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது." 'தொழிலே' என்பதன் ஏகாரம் முரணைச் சுமப்பதால் 'ஆனால்' வேண்டியதில்லை. இரண்டு 'மேலும்'களும் உதிர்ந்துவிட்டன. வரிசையை இனி மாற்ற முடியாது.