ஜப்பானில் ஏது யானை?

ஜப்பானியப் பழமொழிகளைத் தமிழில் தரும் ஒரு தொகுப்பைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரித்த பக்கத்தில் 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று இருக்கிறது. இது நம் பாட்டி சொன்னதாயிற்றே, ஜப்பானில் ஏது யானை என்று தோன்றும். மூலத்தில் இருந்தது 'குரங்கும் மரத்திலிருந்து விழும்' என்பது. இரண்டும் ஒன்றைத்தானே சொல்கின்றன என்று மொழிபெயர்ப்பாளர் எண்ணியிருப்பார். ஆனால் குரங்கு கைதேர்ந்த வித்தைக்காரன். யானை அடிமேல் அடி வைத்து நிதானமாக நடப்பது. அங்கே தவறுவது திறமை, இங்கே தவறுவது நிதானம். போதாக்குறைக்கு, புதிதாக ஒன்றைப் பார்க்கலாம் என்று பணம் கொடுத்த உங்களுக்கு உங்கள் வீட்டுப் பொருளையே திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

பழமொழித் தொகுப்பை மொழிபெயர்க்கிறவர் ஒவ்வொரு வரியிலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார். பெறுமொழியில் அதற்கு இணையான பழமொழியைத் தேடி வைப்பதா, உள்ளதை உள்ளபடி பெயர்த்து விளக்கம் சொல்வதா? தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன தொகுப்புகளை வைத்து இதை எடைபோடலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே மூன்று வழிகளை மூன்று பேர் நடந்து பார்த்துவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றி, பிறகு சென்னைக்கு வந்த பீட்டர் பெர்சிவல், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு தந்தார். தமிழ் வரி, அதன் கீழே பெரும்பாலும் சொல்லுக்குச் சொல்லான ஆங்கில வரி என்பது அவர் முறை. 1894இல் ஜான் லாசரஸ் வெளியிட்ட அகராதியில் ஒன்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பொருளையும் பயன்பாட்டையும் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளோடு கூடியது என்று அதன் தலைப்பே சொல்கிறது. அதாவது மொழிபெயர்ப்பை அல்ல, குறிப்பையே வாக்களிக்கிறது. 1897இல் வந்த ஹெர்மன் ஜென்சனின் தொகுப்பு 3,600க்கு மேற்பட்டவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்து வைத்தது. இன்று இதே வேலையில் இறங்குகிறவர் யார் வழியில் போவது?

இணைப் பழமொழியின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பழமொழி என்பது சுருக்கென்று தைத்துவிட்டுப் போவது. அதை விளக்க உட்கார்ந்தால் நகைச்சுவைத் துணுக்குக்கு உரை எழுதியதுபோல் ஆகிவிடும். நாவலில் மாமியார் மருமகளைக் குத்திக்காட்டும் இடத்தில் அடிக்குறிப்பு போட முடியாது. அங்கே இணையானதை வைப்பதே பல நேரம் சரி. ஏனென்றால் யார் பேசுகிறார், யாரைப் பேசுகிறார், எதற்காக என்பதையெல்லாம் கதை ஏற்கெனவே சொல்லிவிட்டது. தொகுப்பில் அது எதுவும் இல்லை. பேசுகிறவரும் இல்லை, கேட்கிறவரும் இல்லை. பழமொழி தனியாக நிற்கிறது. ஆகவே நாவலில் செல்லுபடியாகும் நியாயம் இங்கேயும் செல்லுமா என்பதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு மூன்று கேள்விகள் போதும். இரண்டு பழமொழிகளையும் ஒரே வகை ஆள் ஒரே வகை ஆளிடம் சொல்வாரா? ஒரே மாதிரியான நேரத்தில் சொல்வாரா? கேட்டவருக்கு ஒரே இடத்தில் உறைக்குமா?

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பதை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இதற்குப் பக்கத்தில் வைக்கத் தோன்றுவது, வீணாக்காதே, இல்லாமை வராது என்னும் கருத்துள்ள பழமொழி. இரண்டும் சிக்கனம்தானே? இல்லை. ஆங்கிலப் பழமொழி வீணாக்குவதைத் தடுக்கிறது. தமிழ்ப் பழமொழி தடுக்கவே இல்லை. தாராளமாகப் போடு என்கிறது, எவ்வளவு போட்டாய் என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்கிறது. திரும்பி வராது என்று தெரிந்தே தம்பிக்குக் கைமாற்று கொடுக்கும் அண்ணனிடம் இதைச் சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் மீந்த சோற்றை வாரிக் கொடுக்கும்போது, எத்தனை படி வடித்தோம், எவ்வளவு மீந்தது என்று பார்த்துக்கொள் எனச் சொல்லவும் இது வரும். கஞ்சனைப் பார்த்தும் ஊதாரியைப் பார்த்தும் சொல்வதில்லை. கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டவரிடம் சொல்வது. மூன்று கேள்விகளிலும் இணை தோற்றுவிட்டது. அதைத் தொகுப்பில் வைத்தால், தமிழர்களும் சிக்கனத்தைப் போற்றினார்கள் என்று வாசகர் நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். கொடைக்கும் கணக்கு வேண்டும் என்ற நுட்பம் அவர் கண்ணிலேயே படாது.

அடுத்தது, 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்'. ஆங்கிலத்தில் கெட்ட தொழிலாளி தன் கருவியைக் குறை சொல்வான். சோதனையில் இது ஏறக்குறைய தேறிவிடுகிறது. இரண்டுமே பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் சொல்லப்படுபவை. இரண்டுமே சாக்குச் சொல்கிறவரைக் கிண்டல் செய்பவை. ஆனாலும் நின்று பார்த்தால் இரண்டு சங்கதிகள் நழுவியிருக்கின்றன. கருவி தொழிலாளியுடையது, கூடமோ வந்து ஆடுகிறவளுடையது அல்ல. தன் குறையை மறைக்க அடுத்தவர் வீட்டைப் பழிக்கிறாள் என்ற துடுக்கு அதில் சேர்ந்திருக்கிறது. இன்னொன்று, கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த 'ஆம்'. 'என்றாள்' இல்லை, 'என்றாளாம்'. அந்த ஒற்றை விகுதியால் பழமொழி எங்கேயோ நடந்த குட்டிக் கதையாகிவிடுகிறது. சொல்கிறவருக்குப் பொறுப்பும் கழிந்துவிடுகிறது: 'நான் உன்னைச் சொல்லவில்லையம்மா, யாரோ ஒருத்தி அப்படிச் சொன்னாளாம்!' தமிழில் எத்தனையோ பழமொழிகள் இந்த விகுதியின் மறைவில் நின்றுதான் கல்லெறிகின்றன. இணை வைத்தால் அது போய்விடும். நேராகப் பெயர்த்தால், 'சொன்னதாகச் சொல்வார்கள்' என்ற சாயலிலாவது காப்பாற்றலாம்.

இதே பழமொழியை இந்திக்குக் கொண்டுபோனால் தகராறே இல்லை. ஆடத் தெரியவில்லை, முற்றம் கோணல் என்று இந்தியிலும் ஒன்று வழங்குகிறது. இணையும் நேர்பெயர்ப்பும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே இணை கூடுமா கூடாதா என்பதைப் பழமொழியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. போகிற மொழி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதுவரை தராசு விளக்கத்தின் பக்கமே சாய்ந்திருக்கிறது. விளக்கத்தின் வண்டவாளத்தையும் பார்த்துவிடுவோம். 'ஆனைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம்.' ஒவ்வொரு நாய்க்கும் ஒரு நாள் வரும் என்ற ஆங்கிலப் பழமொழி இங்கே நன்றாகவே பொருந்துகிறது. தாழ்ந்து கிடந்தவர் தலை தூக்கும்போதோ, தூக்கப்போகிறார் என்று எச்சரிக்கும்போதோ இரண்டையும் சொல்லலாம். பெரியவன் காலம் முடிந்ததையும் தமிழ் சேர்த்துச் சொல்கிறது. மற்றபடி மூன்று கேள்விகளிலும் இணை தேறுகிறது. விளக்கம் எழுதுகிறவருக்குத்தான் இங்கே கை துறுதுறுக்கும். ஏன் ஆனை, ஏன் பூனை? காரணம் எளிது: காதுக்கு எதுகை, கண்ணுக்குப் பெரியது சிறியது. அந்த ஒரு வரியோடு பேனாவை மூடிவிடலாம். ஆனால் இன்று பலர் சொல்லும் 'உண்மைப் பொருள்' வேறு: அது ஆ நெய், பூ நெய், இளமையில் பசுநெய், முதுமையில் தேன். இப்படித்தான் 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பது சஷ்டி விரதமாயிற்று. 'பெண் புத்தி பின் புத்தி' என்ற வசவு, பின்னால் வருவதை அறியும் புத்தி என்ற பாராட்டாயிற்று.

இந்த ஒட்டுவேலையைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. சொல்லை உடைத்து வேறு மாதிரி ஒட்டினால்தான் அந்தப் பொருள் வருகிறதா? அந்தப் பொருளில் யாராவது வாய்ப்பேச்சில் அதைப் பயன்படுத்துகிறார்களா? நெய் ஊற்றும்போதும் தேன் வாங்கும்போதும் ஆனை பூனையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச்சில் இல்லாத பொருள் புத்தகத்தில் மட்டும் இருந்தால் அது விளக்கம் அல்ல, விளக்குகிறவரின் ஆசை. ஒரு சமூகம் பெண்ணை என்ன சொல்லி வைத்தது என்பதற்குப் பழமொழித் தொகுப்பு ஒரு சாட்சி. சாட்சியைக் குளிப்பாட்டிப் பட்டுடுத்திக் கூண்டில் ஏற்றுவது மொழிபெயர்ப்பாளர் வேலை அல்ல. இணைப் பழமொழி செய்யும் தவறு மறைப்பது. தறிகெட்ட விளக்கம் செய்யும் தவறு புனைவது. இரண்டாவதுதான் மோசம். முதலாவதை மூலத்தோடு ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது மூலத்தையே மாற்றி எழுதிவிடுகிறது.

இனித் தீர்ப்பு. தொகுப்பில் முதல் இடம் நேர்பெயர்ப்புக்கே. அதுவும் உரைநடையாக நீளாமல், பழமொழிபோல் கட்டாக இருக்க வேண்டும். 'யானைக்கும் அடி சறுக்கும்' போன்றவற்றுக்கு எந்த மொழியிலும் சில சொற்களே போதும். இரண்டாவது இடம் பயன்பாட்டுக் குறிப்புக்கு: யார், யாரிடம், எப்போது சொல்வது. இதை எந்தப் பதிவிலும் விட்டுவிடக் கூடாது, ஒரு வரியைத் தாண்டவும் கூடாது. இணைப் பழமொழி மூன்றாவதாக, 'ஒப்பு' என்ற அடையாளத்தோடு, மூன்று கேள்விகளிலும் தேறினால் மட்டும் வரலாம். தேறாவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

இந்த அளவுகோலில் பெர்சிவல் பழமொழி காட்டும் படத்தைக் காப்பாற்றினார், ஆனால் அதைச் சொல்லும் வாயைக் காட்டவில்லை. லாசரஸ் பயன்பாட்டை முன்னால் வைத்தார். தமிழ் தெரியாதவருக்குப் படம் கிடைக்காது. ஜென்சனின் பொருள்வாரிப் பிரிவு தேடுகிறவருக்கு உதவும், ஆனால் தலைப்பின் கீழ் வைப்பதே ஒரு விளக்கம்தான். அளந்து போடச் சொல்லும் பழமொழியைச் சிக்கனத்தின் கீழ் வைத்தால் பாதிப் பொருள் அங்கேயே போயிற்று. கொடையின் கீழ் வைத்தால் மறுபாதி போயிற்று. பெர்சிவலின் வரியும் லாசரஸின் குறிப்பும் ஒரே பதிவில் சேர்ந்தால்தான் நான் கேட்பது கிடைக்கும்.

அதற்கு விலை உண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி என்றால், பேச்சில் கேட்டு உறுதி செய்த குறிப்போடு ஒன்பதாயிரத்தை முடிக்க ஒருவர் ஆயுள் போதாது. அப்படியானால் ஐந்நூறு போதும். தொகுக்கிறவரும் அளந்துதான் போட வேண்டும்.