சாந்தமான பதில், சரியான பதில்

தென்மாவட்டச் சி.எஸ்.ஐ. சேகரம் ஒன்றில், சபையின் வாட்ஸ்அப் குழுவைக் கவனிக்கும் தன்னார்வலர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுத்திருக்கிறார்கள். கோபமாக வரும் செய்திக்குச் சாந்தமாகப் பதில் எழுத அது வழி சொல்கிறது. அதன் நடைமுறை விதிகள், ஒன்றைத் தவிர, தேறுகின்றன. மாதிரி வாக்கியங்கள் தேறவில்லை.

ஞாயிறு மதியம் இப்படியொரு செய்தி வருகிறது என்று வையுங்கள்: "அம்மா நினைவு நாளுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்து, பேரும் எழுதிக் கொடுத்தேன். ஆராதனையில வாசிக்கல. பணம் மட்டும் வேணும், பேர் வேண்டாமா?"

குறிப்பில் உள்ள மாதிரிப் பதில்: "பிரதர், உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம். தவறு நேர்ந்துவிட்டது. சாந்தமாக இருப்போம். நீதிமொழிகள் 15:1."

'புண்பட்டிருந்தால்' என்ன, புண்பட்டதைத்தானே அவர் எழுதியிருக்கிறார்? தவறு தானாக நேரவில்லை, யாரோ விட்டிருக்கிறார்கள். வசன எண்ணோ, துக்கத்தில் இருப்பவருக்குக் கண்டனமாகவே கேட்கும். வசனம் நல்லதுதான், அவரைப் பார்த்து நீட்டுவதுதான் கெட்டது.

நான் எழுதுவதென்றால் இவ்வளவுதான்: "அண்ணே, அம்மா பெயரை இன்று வாசிக்காமல் விட்டோம், மன்னியுங்கள். சீட்டு எங்கே தவறியது என்று பார்த்துவிட்டு, மாலை 6 மணிக்குள் கூப்பிடுகிறேன்." சீட்டே தாமதமாக வந்திருந்தாலும் இதில் பொய் இல்லை, வாசிக்கவில்லை என்பது எப்படியும் உண்மை. பணம் பற்றிய குத்தலைத் தொடவில்லை, தொட்டால் பேச்சு அம்மாவை விட்டுக் காணிக்கைக்குப் போய்விடும். 'அடுத்த ஞாயிறு வாசிப்போம்' என்ற வாக்குறுதியும் இல்லை. ஐயரைக் கேட்காமல் அதைத் தர முடியாது.

உடனே தனிச் செய்திக்குப் போகச் சொல்லும் விதிக்கு, குறிப்பு மத்தேயு 18:15ஐ ஆதாரம் காட்டுகிறது. அந்த வசனம், தனக்குக் குற்றம் செய்தவனிடம் தனியே போய்ப் பேசச் சொல்கிறது. இங்கே குற்றம் சாட்டப்படுவது சபை. புகாரும் எல்லோர் முன்னும் வந்துவிட்டது. குழுவில் ஒன்றுமே எழுதாவிட்டால், படித்த மற்றவர்கள் அமுக்கிவிட்டார்கள் என்பார்கள். ஆகவே குழுவில் ஒரே பதில், மீதி தொலைபேசியில். குடும்பச் சண்டை, நோய் போன்றவற்றில் மட்டும் விவரம் எதுவும் குழுவுக்கு வரக்கூடாது. அட்மின் புகார்ச் செய்தியை நீக்குவது இன்னும் மோசம்: அட்மின் நீக்கினார் என்று குழுவிலேயே காட்டும், ஸ்கிரீன்ஷாட்டோ ஏற்கெனவே ஊர் சுற்றியிருக்கும்.

ஒருவர் மட்டுமே பதில் எழுத வேண்டும், முதலில் தனக்குத் தானே அனுப்பிப் படித்துப் பார்க்க வேண்டும் என்ற இரண்டு விதிகளையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அனுப்பியதை 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும், திருத்தியதும் தெரியும்.

குறிப்பு தொடாத இடம் ஒன்று உண்டு. "காணிக்கையைச் சாப்பிட்டுட்டீங்க" என்று எழுதினால், அது தன்னார்வலர் சாந்தப்படுத்த வேண்டிய கோபம் அல்ல. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு பதில் சொல்ல வேண்டிய குற்றச்சாட்டு.